தேடுபவர் தட்டும் சொல்: வேலை விளம்பரத்தின் தலைப்பு யாருக்கு உரியது?

சென்னையில் அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி பக்கம் சில அலுவலகங்களில், ஊர் வீடு திரும்பும் நேரத்தில்தான் வேலை தொடங்குகிறது. அமெரிக்காவில் எங்கோ ஒரு மருத்துவர் நோயாளி ஒருவரைப் பார்த்திருக்கிறார். அதற்கான கட்டணத்தைக் கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. வாரங்கள் கடந்தும் பணம் வரவில்லை. சென்னையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பம் கிடைத்ததா, ஏன் மறுத்தார்கள், எதைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். வரவேண்டிய பாக்கிக்குக் கணக்கியலில் அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள் என்று பெயர். அதன் முதலெழுத்துகளும், போன் போடுகிறவர் என்பதைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து இந்த வேலைக்கு ஏ.ஆர். காலர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேலை செய்பவரும் அவர் நண்பர்களும் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நிறுவனம் மாற நினைப்பவர் கைப்பேசியில் `ar caller jobs in chennai` என்று தட்டுகிறார்.

அதே வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்தால் வேறு பெயர்கள் தென்படும். ஒன்றில் `Client Partner` என்றிருக்கும். இன்னொன்றில் `Process Executive - Voice`, மற்றொன்றில் `Associate - RCM Operations`. இவை பொய்யான பெயர்கள் அல்ல. அந்தந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் அந்த இருக்கைக்கு அதுதான் பெயர். மனிதவளத் துறையில் இருப்பவர் அலுவலகக் கோப்பில் உள்ளதை அப்படியே எடுத்து விளம்பரத்தின் தலையில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் கோப்பில் உள்ள பெயருக்கு ஒரு வேலை, விளம்பரத் தலைப்புக்கு இன்னொரு வேலை. முன்னது உள்ளே இருப்பவர்களைத் தரம் பிரிக்கிறது. பின்னது வெளியே இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர், தான் அறிந்த சொல்லைக் கொண்டு வந்து சேர வேண்டிய முகவரி. முகவரியை எழுதுபவர் நிறுவனமாக இருக்கலாம். எந்தச் சொல்லில் எழுதுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் தேடி வருகிறவர். இந்தக் கட்டுரையின் வாதம் இதுவே.

தேடுதளம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும்: ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். வேலைத் தளமும் தனக்கு வரும் விளம்பரங்களுக்கு அப்படியொரு சொல்லடைவைக் கட்டி வைத்துக்கொள்கிறது. ஒருவர் இரண்டு சொல் தட்டினால், அந்த இரண்டும் உள்ள விளம்பரங்களைச் சொல்லடைவில் பார்த்து எடுக்கிறது. பிறகு வரிசைப்படுத்துகிறது. வரிசைப்படுத்தும்போது, தலைப்பில் வரும் சொல்லுக்கு உள்ளே பத்தியில் வரும் அதே சொல்லைவிட அதிக எடை தருவது பொதுவான வழக்கம். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரை, ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ அவ்வளவுக்கு அதற்குப் பிரித்தறியும் சக்தி அதிகம் என்று காட்டியது. இன்றைய தேடுபொறிகள் பலவற்றில் அந்தக் கருத்து ஏதோவொரு வடிவில் உயிரோடு இருக்கிறது. இந்திய வேலை விளம்பரங்களில் `Executive` என்ற சொல் எங்கும் நிறைந்தது. விற்பனை, கணக்கு, வரவேற்பு, கிடங்கு என எல்லாவற்றிலும் அது உண்டு. `Associate`, `Process` ஆகியவையும் அப்படியே. ஆகவே `Process Executive` என்ற தலைப்பு, தேடுபொறிக்கு எதையுமே அடையாளம் காட்டாத இரண்டு சொற்களைத் தருகிறது. `Caller` அப்படியல்ல. அது அவற்றைவிட அரிதாக வரும் சொல். `AR` என்பதோடு சேர்ந்து வந்தால் இந்த வேலையைத்தான் குறிக்கும்.

ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வது மனித இயல்பு என்பதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஃபர்னஸ், லாண்டவர், கோமெஸ், டூமெய்ஸ் ஆகிய நால்வர் 1987இல் அதை வெளியிட்டார்கள். கணினிக் கட்டளைகளுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் விற்பனைப் பொருட்களுக்கும் பெயர் வைக்கும்படி பலரைக் கேட்டபோது, இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்த வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. வடிவமைப்பாளர் எவ்வளவு யோசித்து ஒரு பெயர் வைத்தாலும் பயனரில் பெரும்பாலோர் முதலில் அதைத் தட்டமாட்டார்கள் என்பது இதன் பொருள். அவர்கள் கண்ட தீர்வு, ஒரு பொருளுக்கு மக்கள் சொல்லும் எல்லாப் பெயர்களையும் வாசலாக வைத்துவிடுவது. வேலை விளம்பரத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைப்பு ஒரு வரிதான். பத்துப் பெயர்களை அதில் அடுக்க இடமில்லை. ஆனால் வேலைப் பெயர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருப்பதால், அவர்களிடையே சில சொற்கள் திரண்டு நிற்கின்றன. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தனித்தனியே யோசித்தார்கள். ஏ.ஆர். காலர்கள் ஒரே வேனில் வீடு திரும்புகிறவர்கள். அவர்களுடைய சொல் ஒருமித்திருக்கிறது. அந்த ஒற்றுமைக்கு வெளியே நிற்பது நிறுவனத்தின் சொல்தான்.

தலைப்பு வெறும் கதவுதானே, உள்ளே சம்பளமும் விவரமும் இருக்கிறதே என்று நினைக்கலாம். இதற்குப் பதில் தரும் சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. இவானா மரினெஸ்கு, ரொனால்ட் வோல்தாஃப் ஆகிய பொருளியலாளர்கள் கேரியர்பில்டர் என்ற வேலைத் தளத்தின் தரவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை அது. பெரும்பாலான விளம்பரங்கள் சம்பளத்தைச் சொல்வதே இல்லை என்பதை முதலில் கண்டார்கள். சொன்ன விளம்பரங்களில், சம்பளம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேலானதைத் தலைப்புச் சொற்களைக் கொண்டே விளக்கிவிட முடிந்தது. விண்ணப்பித்தவர்களின் படிப்பும் அனுபவமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறுபட்டதில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதும் தலைப்பிலேயே அடங்கியது. வேறு சொற்களில், எந்த மாதிரி ஆள் விண்ணப்பிப்பார் என்பது தலைப்பில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடக் கூர்மையானது. தலைப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், சம்பளம் கூடினால் விண்ணப்பம் குறைவது போலத் தோன்றியது. ஒரே தலைப்புள்ள விளம்பரங்களை மட்டும் ஒப்பிட்டபோது, சம்பளம் கூடக்கூட விண்ணப்பமும் கூடியது. காரணம் எளிது: சீனியர் என்ற சொல் உள்ள வேலைக்குச் சம்பளம் அதிகம், அதற்குத் தகுதியானவர்கள் குறைவு. தேடுபவர் தலைப்பைப் பார்த்துத் தன்னை முதலில் ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டத்துக்குள் சம்பளத்தை ஒப்பிடுகிறார். தவறான தலைப்போடு நல்ல சம்பளம் தருகிற நிறுவனம், அந்தச் சம்பளத்தின் பலனை அறுவடை செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

இனி ஒரு தலைப்பை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். இது நானே கோத்தது. ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் அன்றாடம் கண்ணில் படுவதுதான்.

```
URGENT!! Process Executive (Voice) - RCM - G2 - Night - Chennai - Imm. Joiners
```

முதலில் இருப்பது அவசரம். நிறுவனத்தின் அவசரத்தைத் தேடுபவர் யாரும் தட்டுவதில்லை. கைப்பேசித் திரையில் தலைப்பின் முன்பகுதி மட்டும் தெரியும்போது அதுவே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து வருவது பிரித்தறிய உதவாத இரண்டு சொற்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் `Voice` ஓரளவு பயனுள்ளது, ஆனால் அது கடன் அட்டை விற்பவர் முதல் விமானப் பயணிகளுக்கு உதவுபவர் வரை எல்லோருக்கும் பொருந்தும். `RCM` என்பது மருத்துவச் சேவையின் வருவாய்ச் சுழற்சி முழுவதையும் குறிக்கும் சுருக்கம். நோயாளியின் காப்பீட்டைச் சரிபார்ப்பது, கோடிங், கட்டணப் பதிவு, பணம் வந்ததை வரவு வைப்பது, பாக்கியைத் துரத்துவது என அதற்குள் பல வேலைகள். துறைக்குள் இருப்பவருக்குப் பொருள் விளங்கும். ஆனால் தன் வேலை எது என்று அவர் சொல்லும் பெயர் அதுவல்ல. `G2` நிறுவனத்தின் உள் தரம். வெளியாருக்கு அது வெறும் எழுத்து. ஊர்ப்பெயருக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. ஆக, இத்தனை நீளத் தலைப்பில் `ar`, `caller` என்ற இரண்டும் இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டியது சின்னதுதான்: `AR Caller - Physician Billing (Night Shift)`. இரண்டாவது துண்டு ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருத்துவரின் சேவைக்கான விண்ணப்பம் சி.எம்.எஸ். 1500 என்ற படிவத்தில் போகிறது. மருத்துவமனையின் கட்டணம் யு.பி. 04 என்ற வேறு படிவத்தில். இரண்டிலும் மறுப்புக் காரணங்களும் கணக்கிடும் முறையும் வேறு. முன்னதில் 2 ஆண்டு உழைத்தவருக்குப் பின்னதில் மறுபடி பயிற்சி வேண்டும். அதனால் அனுபவமுள்ளவர்கள் தங்களை பிசிஷியன் பில்லிங், ஹாஸ்பிட்டல் பில்லிங் என்று பிரித்தே சொல்லிக்கொள்கிறார்கள். தலைப்பில் அந்தச் சொல் இருந்தால் பொருந்தாதவர் தானாகவே விலகிவிடுவார். முதல் சொல்லைச் சுருக்கி `AR` என்று மட்டும் நிறுத்துவதும் கூடாது. கண்ணாடி வழியே கற்பனை உருவங்களைக் காட்டும் தொழில்நுட்பத்துக்கும் அதே இரண்டெழுத்துதான். அதற்கான மென்பொருள் எழுதுவோரும் அதையே தட்டுகிறார்கள். `AR Executive` என்றால் சாதாரண நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வாடிக்கையாளர் பாக்கியைப் பார்க்கும் வேலை என்று வணிகவியல் பட்டதாரி எடுத்துக்கொள்வார். `AR Analyst` என்ற பெயரும் துறையில் உண்டு. அங்கே பேச்சைவிட விண்ணப்பத்தை ஆராய்வதற்கே முதன்மை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். ஒரு சொல் மாறினால் வேறொரு கூட்டம் வருகிறது.

ஆனால் இந்தத் தலைப்பும் எல்லாரையும் அழைத்து வராது. கல்லூரி முடித்து முதல் வேலை தேடும் இளைஞருக்கு ஏ.ஆர். காலர் என்ற பெயரே தெரியாமல் இருக்கலாம். அவர் தட்டுவது `voice process jobs for freshers` அல்லது `bpo jobs`. அனுபவமுள்ளவர் தொழிலின் பெயரைத் தட்டுகிறார். புதியவர் தன் நிலையையும் தான் செய்யக்கூடியதையும் தட்டுகிறார். இரண்டு பேரையும் ஒரே தலைப்பில் அழைக்க முயன்றால் அது மறுபடி நீண்டு குழம்பும். நிறுவனத்துக்கு உண்மையிலேயே இரண்டு வகை ஆளும் தேவை, பயிற்சியும் சம்பளமும் வேறு வேறு என்றால், அவை இரண்டு வேலைகள்; இரண்டு விளம்பரங்கள் போடலாம். புதியவருக்கானதில் `International Voice Process - Medical Billing (Freshers)` என்று வைத்து, உள்ளே முதல் வரியிலேயே இத்துறையில் இதை ஏ.ஆர். காலிங் என்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே காலியிடத்துக்குப் பெயரை மட்டும் மாற்றிப் பத்து விளம்பரம் போடுவது வேறு விஷயம். அது தேடுபவரின் நேரத்தைத் திருடுவது.

மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் முதலில் போவது கூகுள் ட்ரெண்ட்ஸ். அது காட்டுவது எண்ணிக்கை அல்ல. ஒரு சொல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடும் அளவு. தமிழ்நாட்டுக்கு மட்டும் குறுக்கி, இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது பயன்படும். குறைவாகத் தேடப்படும் சொல்லுக்குப் பல நேரம் ஒன்றுமே காட்டாது. தேடுபெட்டியில் இரண்டெழுத்து தட்டியதும் தானாக நீளும் பரிந்துரைகள் இன்னொரு தடயம். நிறுவனத்துக்குச் சொந்த வேலைப்பக்கம் இருந்தால், எந்தத் தேடலில் அந்தப் பக்கம் தென்பட்டது என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் சொல் சொல்லாகக் காட்டும். இவற்றையெல்லாம்விட நம்பகமான ஆதாரம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து: வேலையில் சேர்ந்து நன்றாகச் செய்துகொண்டிருப்பவர்கள் தங்கள் பயோடேட்டாவில் முந்தைய வேலைக்கு என்ன பெயர் எழுதினார்கள் என்று பார்ப்பது. முந்தைய நிறுவனம் கொடுத்த பெயரை ஒதுக்கிவிட்டு, அடுத்த ஆள் புரிந்துகொள்ளட்டும் என்று அவர் தானே எழுதிய சொல் எதுவோ அதுதான் சந்தையின் சொல். இந்த ஆதாரங்களில் ஒரு சுழல் இருப்பதையும் மறக்கக்கூடாது. மக்கள் சில சொற்களைத் தட்டுவதே விளம்பரங்கள் அவற்றைக் கற்றுக்கொடுத்ததால்தான். ஏ.ஆர். காலர் என்பதும் தொழிலாளர் சூட்டிய பெயர் அல்ல. அலுவலகங்களிலிருந்து வந்து ஊரில் பரவியது. ஆகவே சொற்கள் மாறாதவை அல்ல. ஆனால் ஒரு நிறுவனம் ஒரு விளம்பரத்தால் அவற்றை மாற்ற முடியாது.

தேடுபொறிகளே இதைக் கேட்கின்றன. 2017இல் அமெரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கூகுள் தன் தேடலுக்குள் வேலைகளைத் தனிப் பகுதியாகக் காட்டத் தொடங்கியது. அதற்காக வலைப்பக்கத்தில் சேர்க்க வேண்டிய தரவுக்கு விதிகள் வகுத்திருக்கிறது. தலைப்புக் கட்டத்தில் வரவேண்டியது வேலையின் பெயர், விளம்பரத்தின் பெயரல்ல என்று அந்த விதி சொல்கிறது. வேலைக் குறியீடு, முகவரி, தேதி, சம்பளம், நிறுவனப் பெயர் ஆகியவை அதில் இருக்கக் கூடாது. ஆச்சரியக்குறியையும் நட்சத்திரக்குறியையும் வாரி இறைப்பதும் ஆகாது. ஊருக்கும் சம்பளத்துக்கும் கடைசித் தேதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நாம் பார்த்த வேலைக்கு அந்தத் தரவின் தொடக்கம் இப்படி இருக்கும்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "JobPosting",
  "title": "AR Caller - Physician Billing",
  "employmentType": "FULL_TIME"
}
```

இங்கே எழும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேடுபொறிகள் இன்று சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பதில்லை, பொருளை அறிகின்றன. ஒத்த பெயர்களின் பட்டியல்களும் தொழில் வகைப்பாடுகளும் அவற்றிடம் இருக்கின்றன. கணக்காளர் என்று தட்டினால் கணக்கு எழுதுபவர் வேலையையும் காட்டுகின்றன. பிறகு தலைப்பைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். இது பாதி உண்மை. எழுத்துவேறுபாடு, ஒருமை பன்மை, நன்கறிந்த மாற்றுப்பெயர் ஆகியவற்றை இயந்திரம் சமாளிக்கிறது; அவற்றுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் `Client Partner` என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் அது பெரிய வாடிக்கையாளர் கணக்கு ஒன்றின் வியாபாரத்தையே பொறுப்பேற்று நடத்தும் மூத்த அதிகாரியின் பெயர். பொருளறியும் இயந்திரம் அந்தப் பெயரைச் சரியாகத்தான் புரிந்துகொள்ளும்: மூத்த விற்பனைப் பதவி என்று. ஏ.ஆர். காலர் வேலையை அது அங்கே கொண்டுபோய் வைக்கும். பல ஆண்டு அனுபவமுள்ள விற்பனை அதிகாரிகளுக்குக் காட்டும். சொல்லைப் பொருத்திய பழைய பொறியிடம் தவறான தலைப்பு காணாமல் போனது. பொருளைத் தேடும் பொறியிடம் அது வேறு கூட்டத்திடம் போய்ச் சேரும். எழுதியவருக்கு விளம்பரம் பலருக்குக் காட்டப்பட்டதாக எண்ணிக்கை வரும் என்பதால், பிழை கண்ணுக்கும் தெரியாது.

இயந்திரம் உதவ முடியும் என்பதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. மிஷேல் பெலோ, பிலிப் கிர்ஷர், பால் முல்லர் ஆகியோர் எடின்பரோவில் வேலை தேடுபவர்களை 12 வாரம் வாரமொருமுறை கணினிக்கூடத்துக்கு அழைத்து உண்மையான வேலைகளைத் தேடச் செய்தார்கள். பாதிப்பேருக்கு, அவர்கள் தட்டிய சொல்லை மட்டும் நம்பாமல், அவர்களுடைய தொழிலோடு தொடர்புள்ள மாற்றுத் தொழில்களையும் தளம் காட்டியது. அவர்கள் அதிக வகை வேலைகளைப் பரிசீலித்தார்கள்; நேர்முக அழைப்புகளும் கூடின. முன்பு குறுகலாகத் தேடியவர்களுக்கும், சில மாதங்களாக வேலையின்றி இருந்தவர்களுக்கும் பலன் அதிகம். இதை நான் மறுப்பாகப் படிக்கவில்லை. தேடுபவர் தனக்குத் தெரிந்த சொல்லின் எல்லைக்குள்ளேயே நிற்கிறார், உதவி இல்லாவிட்டால் அந்த வேலியைத் தாண்டுவதில்லை என்பதையே இது காட்டுகிறது. எல்லாத் தளங்களும் அந்த உதவியைச் செய்யும் காலம் வரும்வரை, வேலிக்குள் வந்து பெயரை வைக்கும் பொறுப்பு விளம்பரம் எழுதுபவருடையது.

அடுத்த மறுப்பு மரியாதையைப் பற்றியது. இரவெல்லாம் கண்விழித்து உழைக்கும் பட்டதாரியைப் போன் போடுகிறவர் என்று அழைப்பதா, பங்காளர் என்ற பெயர் அவருக்குப் பெருமை தருகிறதே என்று நிறுவனம் கேட்கலாம். பெண் பார்க்கும் இடத்தில் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்ற கவலை நம் வீடுகளில் நிஜமானது. அந்தப் பெயர் நியமன ஆணையிலும் அடையாள அட்டையிலும் இருக்கட்டும். விளம்பரத்தின் உள்ளே முதல் பத்தியில், எங்கள் நிறுவனத்தில் இப்பதவிக்கு இன்ன பெயர் என்று ஒரு வரி எழுதினால் நியமன ஆணையைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள். ஆனால் அழகான பெயர்கள் எப்போதும் உழைப்பவரின் நன்மைக்காகச் சூட்டப்படுவதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி வாரம் 455 டாலரோ அதற்கு மேலோ சம்பளம் பெறும் மேலாளருக்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்ற விதி நடப்பில் இருந்த ஆண்டுகளைக் கோஹன், குருன், ஓஸெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்தச் சம்பள எல்லையைத் தாண்டிய உடனே மேலாளர் போன்ற பதவிப்பெயர்கள் 485 விழுக்காடு கூடியிருந்தன. வரவேற்பு மேசையில் இருப்பவரை முதல் எண்ணங்களின் இயக்குநர் என்று அழைக்கும் பெயரும் அவர்கள் கண்டவற்றில் ஒன்று. தேடுபவரின் சொல்லில் எழுதிய தலைப்பு, செய்யப்போகும் வேலையைச் சொல்கிறது. அந்த அளவில் அதுவும் ஒரு மரியாதைதான்.

மூன்றாவது மறுப்பு ஆள் எடுப்பவர்களிடமிருந்து வருகிறது: மக்கள் தட்டும் சொல்லை வைத்தால் விண்ணப்பங்கள் குவியும், பாதி தகுதியில்லாதவை. இது நடக்கும், தலைப்பு அகலமாக இருந்தால். `Medical Billing` என்று மட்டும் வைத்தால் கோடிங் படித்தவரும் கட்டணம் பதிபவரும் வருவார்கள். பரிகாரம் பழைய பெயருக்குத் திரும்புவதல்ல. தேடுபவர்களின் சொற்களிலேயே குறுகலானதை எடுப்பது. எங்கே கோளாறு என்பதை மூன்று எண்களைப் பார்த்தே சொல்லலாம்: எத்தனை பேருடைய திரையில் தென்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள். தென்பட்டதே குறைவு என்றால் தலைப்பிலோ ஊர்ப்பெயரிலோ பொருத்தமில்லை. தென்பட்டும் திறக்கவில்லை என்றால், பெயர் தவறான கூட்டத்திடம் போயிருக்கிறது, அல்லது தலைப்பு புரியவில்லை. திறந்தும் விண்ணப்பிக்கவில்லை என்றால் தலைப்பில் குற்றமில்லை. சம்பளமோ, நேரமோ, நீண்ட படிவமோ துரத்துகிறது. விண்ணப்பம் நிறைய வந்து தகுதியானவர் இல்லை என்றால் சொல் அகலம். தலைப்பை மட்டும் மாற்றி, சம்பளத்தையும் விவரத்தையும் தொடாமல் இரண்டு வாரம் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிடுவது மட்டும் வேண்டாம்.

இந்த வாதத்துக்கு எல்லைகளும் உண்டு. புதிதாகப் பிறந்த வேலைக்குச் சந்தையில் பெயரே இருக்காது; அங்கே பக்கத்து வேலையின் பெயரைத் தலைப்பாக வைத்து வித்தியாசத்தை உள்ளே சொல்வதுதான் வழி. இணையத்தில் தேடாதவர்களைத் தலைப்பு சென்றடையாது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளி பலர் வேலை தேடுவது பேருந்து நிலையச் சுவரொட்டியிலும், தெரிந்தவர் வாய்வழியும். ஆனால் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால், இந்தக் கட்டுரை இவ்வளவு நீளமாகச் சொன்னதை அது முன்பே அறிந்திருப்பது தெரியும். அரசின் திறன்பயிற்சிச் சான்றிதழில் அந்த வேலைக்கு `Sewing Machine Operator` என்று பெயர். சுவரில் இருப்பதோ சிங்கர் டைலர், பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி. எந்த மிஷினில் கை பழகியிருக்கிறதோ அதைச் சொல்லியே தொழிலாளி தன்னை அறிமுகப்படுத்துகிறார் என்பது ஒட்டுபவருக்குத் தெரியும். இதையே தமிழில் இணையத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் சேர்கிறது. டைலர், டெய்லர், தையல்காரர் மூன்றும் ஒரே ஆள். வெறும் எழுத்தைப் பார்க்கும் தேடுபொறிக்கு அவை மூன்று தனிச் சொற்கள். தமிழ்ப் பெயர்களுக்கான ஒத்தசொல் பட்டியலை வேலைத் தளங்களும் அரசு இணையதளங்களும் கட்டியாக வேண்டும். ஒரு விளம்பரதாரர் தனியாகச் செய்யக்கூடியது, தன் ஊரில் அதிகம் வழங்கும் வடிவத்தைத் தலைப்பிலும் மற்றவற்றை உள்ளே இயல்பான வாக்கியத்திலும் வைப்பது.

மனிதவளத் துறையில் இருப்பவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த காலியிடத்துக்குக் கோப்பைத் திறக்கும் முன், அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் பத்துப் பேரிடம் போங்கள். இந்த வேலையைத் தேடினால் கைப்பேசியில் என்ன தட்டுவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்ல வேண்டாம். உங்கள் முன்னால் தட்டிக் காட்டட்டும். அந்தத் திரைகளில் அதிகம் தென்படும் சொல்லை அப்படியே தலைப்பில் எழுதுங்கள்.